ஒரே பிரிவுக்குள் ஏழு கோரிக்கைகள்: இணக்க அட்டவணையில் அதை எப்படிப் பிரிப்பது?

தேன்மொழி, மார்ச் 4, காலை 10.20

20 கே.வி.ஏ. யு.பி.எஸ். வழங்குவதற்கான டெண்டர் ஒன்றுக்கு இணக்க அட்டவணை தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பிரிவு எண், எங்கள் பதில், ஆதார ஆவணம் என்று மூன்று தலைப்புகள். டெண்டரில் உள்ள ஒவ்வொரு பிரிவையும் அப்படியே ஒட்டி, எதிரே "இணங்குகிறோம்" என்று எழுதி, ஆதாரப் பத்தியில் "தரவுத்தாள் காண்க" என்று போட்டால் போதும் என்கிறார் மேலாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை. 4.3.2-ஐப் பாருங்கள்:

"யு.பி.எஸ். இரட்டை மாற்ற முறையில் இயங்குவதாக இருக்க வேண்டும். முழுச் சுமையில் செயல்திறன் 94 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. முழுச் சுமையில் 30 நிமிடம் பேட்டரியில் இயங்க வேண்டும். ஒரு மீட்டர் தொலைவில் இரைச்சல் 60 டெசிபெலைத் தாண்டக் கூடாது. 40 பாகை செல்சியஸ் வரை திறன் குறையாமல் இயங்க வேண்டும். ஐ.இ.சி. 62040-3 தரத்தின்படி அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் அளித்த சோதனை அறிக்கையை இணைக்க வேண்டும். பேட்டரிகளுக்கு மூன்றாண்டு உத்தரவாதம் தேவை."

இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு "இணங்குகிறோம்" எழுதலாமா?

அழகர், மார்ச் 4, காலை 11.05

எழுதலாம். மதிப்பீட்டுக் குழுவும் பிரிவு எண் வாரியாகத்தான் பார்க்கும். நீங்கள் ஒன்றை ஏழாக உடைத்தால் அவர்களுடைய தாளும் உங்களுடைய தாளும் பொருந்தாது. வாங்குபவரே படிவம் கொடுத்திருந்தால் அதில் ஒரு வரிசையைக்கூடக் கூட்டக் கூடாது. படிவத்தை மாற்றியதற்காகவே சிலரை ஒதுக்கியிருக்கிறார்கள்.

வளவன், மார்ச் 4, பிற்பகல் 2.40

படிவத்தைப் பற்றி அழகர் சொல்வது சரி. மற்றதை நான் ஏற்கவில்லை.

ஏழு கோரிக்கைகளுக்கும் ஆதாரம் ஒரே இடத்தில் கிடைக்காது. செயல்திறனுக்குச் சோதனை அறிக்கை வேண்டும், 30 நிமிடத்துக்குப் பேட்டரிக் கணக்கீடு வேண்டும், உத்தரவாதத்துக்குப் பேட்டரி தயாரிப்பாளரின் கடிதம் வேண்டும். ஒரே வரிசையில் எழுதினால் ஆதாரப் பத்தியில் மூன்று ஆவணங்களின் பெயர் நிற்கும். எது எதற்கு என்று படிப்பவர்தான் தேடிக்கொள்ள வேண்டும். அதைவிட மோசம், எழுதுகிறவருக்கே எது விட்டுப்போனது என்று தெரியாது.

நான் செய்வது இப்படி. எக்செலில் எங்களுக்கென்று ஒரு வேலைத்தாள். அதில் ஒரு வரிசைக்கு ஒரு கோரிக்கைதான். எது தனிக் கோரிக்கை என்று சந்தேகம் வந்தால் ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்பேன்: இதில் ஒரு பாதி நிறைவேறி மறுபாதி நிறைவேறாமல் போக முடியுமா? முடியும் என்றால் அவை இரண்டு வரிசைகள். பிரிவு எண்ணைத் தொடாமல் 4.3.2-அ, 4.3.2-ஆ என்று எழுத்தைச் சேர்த்துக்கொள்வேன். டெண்டரின் சொற்களைச் சுருக்கவோ திருத்தவோ மாட்டேன். "40 பாகை வரை திறன் குறையாமல்" என்பதை "இயங்கு வெப்பநிலை 40 பாகை" என்று சுருக்கினால், "திறன் குறையாமல்" என்ற முக்கியமான பகுதி காணாமல் போய்விடும். சில கருவிகள் 40 பாகையிலும் ஓடும், ஆனால் சுமையைக் குறைத்துத்தான் ஓடும்.

வாங்குபவரின் படிவம் கட்டாயம் என்றால் வரிசையைக் கூட்ட வேண்டாம். அதே கட்டத்துக்குள் அ, ஆ, இ என்று வரி வரியாகப் பதிலை எழுதுங்கள். அழகர் பயப்படுகிற பொருத்தமின்மை அங்கே எழாது.

பெரியசாமி, மார்ச் 4, மாலை 6.15

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? நான் வைத்திருக்கும் பட்டியலில் விற்றுமுதல் சான்று, வரிப் பதிவு, அனுபவச் சான்றிதழ், முன்வைப்புத் தொகை, கையொப்ப அதிகாரக் கடிதம் என்று வரிசையாக இருக்கும். இருப்பதற்கு எதிரே குறியிடுவேன். எல்லாம் இருந்தால் உறையை மூடிவிடுவேன்.

வளவன், மார்ச் 4, மாலை 6.50

பெரியசாமி ஐயா, நீங்கள் சொல்வது ஆவணச் சரிபார்ப்புப் பட்டியல். ஆவணம் இருக்கிறதா என்று அது பார்க்கும். தேன்மொழி கேட்பது, அந்த ஆவணம் கோரிக்கையை நிரூபிக்கிறதா என்பதை. இரண்டும் வேண்டும், ஆனால் ஒன்றின் வேலையை மற்றது செய்யாது. உங்கள் பட்டியலில் "சோதனை அறிக்கை: உண்டு" என்று குறி விழுந்துவிடும். அந்த அறிக்கைக்குள் 91 விழுக்காடு என்று இருந்தாலும் குறி குறிதான்.

செங்குட்டுவன், மார்ச் 5, காலை 8.30

நான் மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்தவன், மதிப்பீட்டுக் குழுக்களில் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். அங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

அட்டவணையைத் திறந்ததும் முதலில் ஆதாரப் பத்தியைத்தான் பார்ப்போம். "தரவுத்தாள் காண்க" என்று நாற்பது வரிசைகளில் இருந்தால், தேடும் வேலையை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று பொருள். நேரம் இருந்தால் தேடுவோம். இல்லாவிட்டால் "ஆதாரம் சுட்டப்படவில்லை" என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போவோம். "இணைப்பு 7, பக்கம் 112, அட்டவணை 3, நான்காம் வரி" என்று இருந்தால் நேரே அங்கே போவோம். அந்த வரியை மஞ்சளில் கோடிட்டிருந்தால் இன்னும் நல்லது.

பக்க எண் என்றால் முழுத் தொகுப்பின் தொடர் எண். தரவுத்தாளின் அடியில் அச்சிட்டிருக்கும் "பக்கம் 2" என்பதைக் கொடுத்தால், தொகுப்பில் இருபது "பக்கம் 2" இருக்கும்.

இன்னொன்று. அட்டவணையில் ஓர் எண்ணும் ஆவணத்தில் வேறோர் எண்ணும் இருந்தால் நாங்கள் ஆவணத்தைத்தான் எடுப்போம். அதற்குப் பிறகு அந்த அட்டவணையின் மற்ற வரிகளையும் சந்தேகத்தோடுதான் படிப்போம்.

தேன்மொழி, மார்ச் 5, பிற்பகல் 12.10

மிக்க நன்றி ஐயா. ஏழு வரிசைகளாகப் பிரித்துவிட்டேன். சோதனை அறிக்கை வரிசை மட்டும் எனக்குத் தெளிவாகவில்லை. "62040-3 தரத்தின்படி" என்பது ஒன்று, "அங்கீகாரம் பெற்ற ஆய்வகம்" என்பது இன்னொன்று. வளவன் ஐயாவின் கேள்வியைப் போட்டுப் பார்த்தால் இரண்டு வரிசை என்றுதான் வருகிறது. அப்படியானால் மொத்தம் எட்டா?

வளவன், மார்ச் 5, பிற்பகல் 1.00

எட்டுதான். சோதனை சரியான தரத்தின்படி நடந்திருக்கலாம், ஆனால் ஆய்வகத்தின் ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025 அங்கீகாரத்துக்குள் அந்தச் சோதனை வராமல் இருக்கலாம். எனவே அறிக்கை ஓர் ஆதாரம், ஆய்வகத்தின் அங்கீகாரச் சான்றும் அதன் எல்லையைக் காட்டும் பின்னிணைப்பும் இன்னோர் ஆதாரம். சான்றின் முதல் பக்கத்தை மட்டும் வைத்துவிட்டுப் பின்னிணைப்பை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். எந்தெந்தத் தரங்களுக்கு அங்கீகாரம் என்பது அந்தப் பின்னிணைப்பில்தான் இருக்கும்.

அழகர், மார்ச் 5, பிற்பகல் 1.25

இப்படிப் போனால் அறுபது பக்க டெண்டருக்கு அறுநூறு வரிசை வரும்.

வளவன், மார்ச் 5, பிற்பகல் 1.40

வராது. தகவலாக மட்டும் உள்ள பிரிவுகள் பாதி இருக்கும். வளாகத்தின் விவரம், வரையறைகள் போன்றவற்றுக்கு "படித்து ஏற்றோம்" என்ற ஒரே வரி போதும், ஆதாரமும் வேண்டாம். ஆனால் அந்தச் சொற்றொடரை அளவு கேட்கும் பிரிவுக்கு எதிரே எழுதக் கூடாது.

செங்குட்டுவன், மார்ச் 5, பிற்பகல் 2.15

ஆமாம். "இரைச்சல் 60 டெசிபெலுக்கு மிகாமல்" என்ற கோரிக்கைக்கு "கவனத்தில் கொண்டோம்" என்று பதில் வந்தால், எங்கள் ஏட்டில் அது "பதில் இல்லை".

தேன்மொழி, மார்ச் 6, காலை 9.45

எல்லாரும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள். செயல்திறன் வரிசையை இப்படி எழுதியிருக்கிறேன்:

பிரிவு: 4.3.2-ஆ
கோரிக்கை: முழுச் சுமையில் செயல்திறன் 94 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது.
எங்கள் பதில்: இணங்குகிறோம். செயல்திறன் 99 விழுக்காடு வரை.
ஆதார ஆவணம்: தரவுத்தாள், பக்கம் 2.

வளவன், மார்ச் 6, காலை 10.30

அந்த 99-ஐ நம்பாதீர்கள். தரவுத்தாளில் அந்த எண்ணுக்கு மேலே ஒரு நட்சத்திரக் குறி இருக்கும், பக்கத்தின் அடியில் பாருங்கள். பெரும்பாலும் அது எக்கோ நிலையில் எடுத்த அளவு. எக்கோ நிலையில் மின்சாரம் இன்வெர்ட்டரைத் தொடாமல் நேர்வழியில் சுமைக்குப் போகிறது, ஆகவே இழப்பு குறைவு. உங்கள் டெண்டரோ 4.3.2-அ-வில் இரட்டை மாற்ற முறை கேட்கிறது. அந்த முறையில் எவ்வளவு செயல்திறன் என்பதுதான் கேள்வி.

"வரை" என்ற சொல்லையும் விடாதீர்கள். எந்தச் சுமையில் அந்த உச்சம் என்று தரவுத்தாள் சொல்லாது. யு.பி.எஸ்.-இன் செயல்திறன் பெரும்பாலும் பாதியிலிருந்து முக்கால் சுமைக்குள் உச்சத்தைத் தொட்டு, முழுச் சுமையில் சற்றே இறங்கும். சோதனை அறிக்கையை எடுங்கள். 25, 50, 75, 100 விழுக்காடு சுமைகளுக்குத் தனித்தனி எண் இருக்கும். நமக்கு வேண்டியது கடைசி வரி.

தேன்மொழி, மார்ச் 6, பிற்பகல் 3.20

பார்த்துவிட்டேன். 99 எக்கோ நிலைக்கானதுதான். அறிக்கையில் இரட்டை மாற்ற முறையில் 50 விழுக்காடு சுமைக்கு 94.8, 75-க்கு 94.4, முழுச் சுமைக்கு 93.6. கேட்டது 94. இனி என்ன செய்வது?

அழகர், மார்ச் 6, மாலை 4.00

93.6-ஐ முழு எண்ணாக்கினால் 94. டெண்டர் தசமம் இல்லாமல் 94 என்றுதான் சொல்கிறது. வரம்பு எத்தனை இலக்கத்தில் இருக்கிறதோ, அளந்த எண்ணையும் அத்தனை இலக்கத்துக்கு முழுமையாக்கி ஒப்பிடும் முறை ஏ.எஸ்.டி.எம். ஈ29 தரத்திலேயே இருக்கிறது. "இணங்குகிறோம்" என்றே எழுதலாம்.

வளவன், மார்ச் 6, மாலை 4.45

அந்தத் தரத்தில் இரண்டு முறைகள் உண்டு. நீங்கள் சொன்ன முழுமையாக்கும் முறை ஒன்று, அளந்த எண்ணை அப்படியே வரம்போடு ஒப்பிடும் முறை மற்றொன்று. எந்த முறை என்பதைக் கோரிக்கையை எழுதியவர் சொல்ல வேண்டும், வழங்குபவர் தமக்கு வசதியானதைத் தேர்ந்துகொள்ள முடியாது. இந்த டெண்டர் எதையும் சொல்லவில்லை. "குறையக் கூடாது" என்று இருக்கும்போது 93.6 குறைவுதான் என்று போட்டியாளர் ஒரு கடிதம் எழுதினால் நம்மிடம் பதில் இருக்காது.

செங்குட்டுவன், மார்ச் 6, இரவு 8.10

குழுவுக்குக் குழு மாறும். முழுமையாக்கலை ஏற்ற குழுவையும் பார்த்திருக்கிறேன், ஏற்காத குழுவையும் பார்த்திருக்கிறேன். அதை நம்பி டெண்டர் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வளவன், மார்ச் 6, இரவு 9.00

தேன்மொழி, விளக்கக் கேள்விகளை அனுப்பக் கடைசி நாள் என்ன? அது முடியவில்லை என்றால் உங்களுக்கு வழி இருக்கிறது. "தயவுசெய்து தளர்த்தவும்" என்று எழுதாதீர்கள். பிரிவு எண், இப்போதுள்ள சொற்கள், நீங்கள் முன்வைக்கும் சொற்கள், காரணம் என்று நான்கையும் கொடுங்கள். வாங்குபவர் அப்படியே எடுத்துத் திருத்த அறிவிப்பில் ஒட்டும்படி இருக்க வேண்டும்.

நாள் கடந்துவிட்டது என்றால், விலகல்களை டெண்டர் அனுமதிக்கிறதா என்று பாருங்கள். அனுமதித்தால் "விலகல்: 94-க்குப் பதில் 93.6" என்று வெளிப்படையாக எழுதி, விலகல் படிவத்திலும் அதையே எழுதுங்கள். எந்த விலகலும் ஏற்கப்படாது என்று இருந்தால், இந்தக் கருவியை வைத்து டெண்டர் போடுவதா என்பதை மேலாளர் முடிவு செய்ய வேண்டும். அட்டவணைச் சொற்களால் அதைச் சரிசெய்ய முடியாது.

அழகர், மார்ச் 7, காலை 7.50

30 கே.வி.ஏ. கருவியைக் கொடுத்தால்? 20 கே.வி.ஏ. சுமை அதற்கு ஏறத்தாழ 67 விழுக்காடு. அங்கே செயல்திறன் 94-க்கு மேல்தான் இருக்கும்.

வளவன், மார்ச் 7, காலை 9.15

நல்ல யோசனைதான், ஆனால் "முழுச் சுமை" என்பது கருவியின் முழுச் சுமையா, வாங்குபவரின் முழுச் சுமையா? டெண்டர் சொல்லவில்லை. கருவியின் முழுச் சுமை என்று குழு எடுத்துக்கொண்டால் 30 கே.வி.ஏ.-வும் தவறும். விலையும் ஏறும்.

செங்குட்டுவன், மார்ச் 7, காலை 9.40

வாங்குபவரின் சுமை என்றே நான் எடுப்பேன். இன்னொருவர் மாற்றி எடுக்கலாம்.

தேன்மொழி, மார்ச் 7, காலை 11.30

கேள்விக்கான கடைசி நாள் மார்ச் 10. இன்றே அனுப்புகிறேன். முழுச் சுமைக்கு 93 என்று மாற்றும்படி, 50 விழுக்காட்டில் 94.5-க்குக் குறையாமல் இருக்கும் என்ற உறுதியோடு கேட்கிறேன். இரண்டுக்கும் அறிக்கையில் ஆதாரம் இருக்கிறது.

அடுத்த சந்தேகம். 30 நிமிட இயக்கத்துக்குத் தரவுத்தாளில் "பேட்டரியைப் பொறுத்தது" என்று மட்டும் இருக்கிறது. ஆதாரப் பத்தியில் எதைக் காட்டுவது?

வளவன், மார்ச் 7, பிற்பகல் 2.00

கணக்கீட்டை. ஒரு பக்கம் போதும், ஆனால் ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். உங்கள் கருவியின் வெளியீட்டுத் திறன் காரணி 0.9 என்று வைத்துக்கொள்வோம். 20 கே.வி.ஏ. என்பது 18 கிலோவாட். இன்வெர்ட்டரின் செயல்திறன் 0.95 என்றால் பேட்டரி தர வேண்டியது ஏறத்தாழ 18.95 கிலோவாட். 12 வோல்ட் பேட்டரிகள் நாற்பது, ஒவ்வொன்றிலும் ஆறு செல், ஆக 240 செல். ஒரு செல்லுக்கு ஏறத்தாழ 79 வாட். பேட்டரி பழசாகும்போது திறன் இறங்கும் என்பதற்காக 25 விழுக்காடு கூட்டினால் ஏறத்தாழ 99 வாட்.

இனிப் பேட்டரி தயாரிப்பாளரின் வெளியேற்ற அட்டவணையை எடுங்கள். மாறாத திறனுக்கான அட்டவணை வேண்டும், மாறாத மின்னோட்டத்துக்கானது அல்ல. நீங்கள் எடுத்துக்கொண்ட இறுதி வோல்ட் அளவுக்கு எதிரே 30 நிமிடப் பத்தியில் ஒரு செல்லுக்கு 99 வாட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அந்தக் கட்டத்தை வட்டமிடுங்கள். ஆதாரப் பத்தியில் கணக்கீட்டின் பக்கம், வெளியேற்ற அட்டவணையின் பக்கம் என்று இரண்டும் வரும்.

இறுதி வோல்ட் யு.பி.எஸ்.-இன் தாளிலும் பேட்டரி அட்டவணையிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். யு.பி.எஸ். செல்லுக்கு 1.75 வோல்ட்டில் நின்றுவிடும், கணக்கு மட்டும் 1.60-க்குப் போட்டிருக்கும் என்றால் தாளில் 30 நிமிடம் வரும், களத்தில் வராது.

பெரியசாமி, மார்ச் 7, மாலை 5.30

இப்போதுதான் புரிகிறது. எங்கள் பக்கத்தில் விற்பனைப் பொறியாளர் சொன்ன நிமிடத்தையே எழுதிக் கொடுத்துவிடுவோம். இதுவரை யாரும் கேட்கவில்லை.

செங்குட்டுவன், மார்ச் 7, மாலை 6.05

கருவியை நிறுவி முடித்து ஏற்புச் சோதனை செய்யும்போது கேட்பார்கள் ஐயா. செயற்கைச் சுமையை மாட்டிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அட்டவணையில் எழுதியது ஒப்பந்தத்தின் பகுதியாகிவிட்டிருக்கும்.

தேன்மொழி, மார்ச் 14, காலை 10.00

திருத்த அறிவிப்பு வந்துவிட்டது. முழுச் சுமைக்கு 93, பாதிச் சுமைக்கு 94.5 என்று மாற்றிவிட்டார்கள்! ஆனால் அதே அறிவிப்பில் இன்னும் இரண்டு மாற்றங்கள். பேட்டரி இயக்கம் 30 நிமிடத்திலிருந்து 45 நிமிடம். 4.3.1-க்குப் பிறகு புதிய பிரிவு ஒன்றைச் சேர்த்ததால் பழைய 4.3.2 இப்போது 4.3.3. என் தாளில் எல்லா எண்களும் நகர்கின்றன.

வளவன், மார்ச் 14, காலை 11.20

பாதிச் சுமை இப்போது புதிய கோரிக்கை, அதற்கு ஒரு வரிசை கூட்டுங்கள். எண்களை அழித்து எழுதாதீர்கள். வேலைத்தாளில் உங்களுக்கென்று மாறாத வரிசை எண் ஒன்று இருக்கட்டும், எந்தத் திருத்தம் வந்தாலும் அது மாறாது. பிரிவுப் பத்தியில் "4.3.3-ஆ (முன்பு 4.3.2-ஆ), திருத்த அறிவிப்பு 1" என்று எழுதுங்கள். குழுவில் ஒருவர் பழைய அச்சுப் படியைக் கையில் வைத்திருந்தாலும் இடம் கிடைத்துவிடும்.

45 நிமிடத்துக்குக் கணக்கு மாறாது, செல்லுக்கு அதே 99 வாட்தான். ஆனால் பார்க்க வேண்டிய பத்தி 45 நிமிடம். அதே பேட்டரி அங்கே குறைவான வாட்தான் தரும். 99 வரவில்லை என்றால் பெரிய பேட்டரி வேண்டும். அதனால் அலமாரியின் அளவும் தரையில் விழும் எடையும் மாறும். அந்த வரிசைகளையும் திறந்து பாருங்கள். வரைபடத்தின் ஓரக் குறிப்பில் தரை தாங்கும் எடை எழுதியிருக்கிறார்களா? அதுவும் ஒரு கோரிக்கைதான், அட்டவணைக்குள் வர வேண்டும்.

தேன்மொழி, மார்ச் 14, பிற்பகல் 3.50

இருக்கிறது. வரைபடம் 2-இல் பொடி எழுத்தில். வரிசையில் சேர்த்துவிட்டேன், பேட்டரியும் ஒரு படி பெரியதாகப் போகிறது.

அழகர், மார்ச் 15, காலை 9.10

ஒரு சிறு உதவி. "இணங்குகிறோம்" என்று எழுதி ஆதாரத்தைக் காலியாக விட்ட வரிசைகளை எண்ண நான் இதைப் பயன்படுத்துகிறேன். D பத்தியில் பதில், F பத்தியில் ஆதாரம். சுழி வரும்வரை தொகுப்பை மூடுவதில்லை.

```
=COUNTIFS(D2:D200,"இணங்குகிறோம்*",F2:F200,"")
```

வரிசையை உடைப்பது குறித்து என் கருத்து இன்னும் மாறவில்லை. வாங்குபவர் படிவம் தராதபோதும் பிரிவுக்கு ஒரு வரிசை, உள்ளே அ, ஆ, இ என்பதே படிக்க எளிது.

வளவன், மார்ச் 15, காலை 9.45

சூத்திரம் நன்று. ஆனால் ஒரு கட்டத்துக்குள் எட்டுப் பதில்களை அடைத்தால் இந்தச் சூத்திரத்தால் எதையும் கண்டுபிடிக்க முடியாது. எட்டில் ஒன்றுக்கு ஆதாரம் இருந்தாலே F காலியாக இருக்காது. வாங்குபவருக்குக் கொடுக்கும் தாள் எப்படி இருந்தாலும், நம்முடைய வேலைத்தாள் உடைந்தே இருக்கட்டும்.

தேன்மொழி, மார்ச் 17, மாலை 5.00

பக்க எண்களைத் தவிர எல்லாம் முடிந்தது. தொகுப்பைச் சேர்த்துத் தொடர் எண் அச்சிட்ட பிறகுதான் அவற்றை நிரப்பப் போகிறேன். அதுவரை ஆதாரப் பத்தியில் இணைப்பின் எண் மட்டும் இருக்கிறது. பேட்டரி உத்தரவாதக் கடிதம் தயாரிப்பாளரிடமிருந்து வந்திருக்கிறது, ஆனால் அதில் "அனுப்பிய நாளிலிருந்து மூன்றாண்டு" என்று எழுதியிருக்கிறார்கள். உத்தரவாதம் ஏற்புச் சோதனை முடிந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும் என்று வரைவு ஒப்பந்தத்தில் இருக்கிறது.

வளவன், மார்ச் 17, மாலை 5.25

அந்தக் கடிதத்தை வைக்காதீர்கள். ஏற்பு நாளைக் குறிப்பிட்டு வேறு கடிதம் கேளுங்கள். அவர்கள் மறுத்தால் அனுப்புவதற்கும் ஏற்புக்கும் இடைப்பட்ட மாதங்களுக்கு உங்கள் நிறுவனமே பொறுப்பேற்பதாகத் தனிக் கடிதம் தர வேண்டியிருக்கும். அதில் மேலாளர் கையொப்பமிடுவாரா என்று இன்றே கேட்டுவிடுங்கள்.